டீயைக் கெடுத்த டீ

நன்னிலத்தில் அத்தை போட்டுக் கொடுத்த டீயைப் பார்த்ததும், "என்ன அத்தை, பால் ஊத்த மறந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பால் ஊற்றித்தான் இருந்தது. ஆனால் டீ, மைக்கூடு கழுவின தண்ணீர் மாதிரி கறுத்துக் கிடந்தது.

"மூணு மாசமா இந்தக் கூத்துதாண்டா. ஒருநாள் நல்லா இருக்கு, ஒருநாள் இப்படி ஆயிடுது. டீத்தூளை மாத்தியாச்சு, பால்காரரையும் மாத்தியாச்சு" என்றார்.

டீத்தூளில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. தண்ணீரில் இரும்புச் சத்து கூடுதலாக இருந்தால், அது டானினோடு சேர்ந்து கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே வித்தைதான். ஆக, அத்தையின் டீயில் இரும்புத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அவர்கள் வீட்டு போர் தண்ணீரில் இரும்பு உண்டு. கொல்லையில் துணி துவைக்கும் கல்லைப் பார்த்தாலே தெரியும், காவி பூசியது போல இருக்கும்.

"போர் தண்ணியை நான் சமையலுக்குத் தொடறதே இல்லையே. சம்ப்புலேர்ந்து அடிபம்புல அடிச்சுத்தான் எடுக்குறேன். அது பேரூராட்சித் தண்ணி" என்றார் அத்தை. அவர் சொன்னது சரி. சம்ப்புக்குள் வேறு எந்தத் தண்ணீரும் போக வழியில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

மாமாவிடம் வேறு இரண்டு புகார்கள் இருந்தன. சம்ப் மோட்டார் காலையில் போட்டால் காற்று வாங்குகிறது, தண்ணீர் ஏறுவதில்லை. போர் மோட்டார் போட்டால் மாடி டேங்க் நிறைய முன்பு 40 நிமிடம் ஆகும், இப்போது முக்கால் மணியைத் தாண்டிப் போகிறது. டீக்கு மளிகைக்கடை, சம்ப் மோட்டாருக்கு ஒரு மெக்கானிக், போர் மோட்டாருக்கு இன்னொருவர் என்று மூன்று பேரைத் தனித்தனியாகப் பார்த்திருந்தார்கள். மூன்றும் ஒரே நோய் என்பது யாருக்கும் தோன்றவில்லை. காரணம், அந்த வீட்டுத் தண்ணீர் லைன் மொத்தத்தையும் ஒரே தாளில் யாரும் பார்த்ததில்லை.

நான் வேலையில் இருந்த காலமெல்லாம் குழாய்ப் படம் வரைந்தே பிழைத்தவன். போன மாத காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, திண்ணையில் உட்கார்ந்தேன்.

நிற்கும் வீட்டை வரையுங்கள்

வீட்டுப் படம் என்றதும் பலரும் மேலிருந்து பார்ப்பது போல, அறை அறையாகக் கட்டம் போடுவார்கள். தண்ணீருக்கு அந்தப் படம் உதவாது. தண்ணீருக்குத் தெரிந்தது உயரம் ஒன்றுதான். அதனால் வீட்டைப் பக்கவாட்டிலிருந்து, நிற்கிற மாதிரி வரைய வேண்டும்.

தாளின் நடுவுக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு. அது தரை. கோட்டுக்குக் கீழே ஒரு செவ்வகம், அது சம்ப். தாளின் உச்சியில் ஒரு செவ்வகம், அது மாடி டேங்க். வலது ஓரத்தில் தரைக்குக் கீழே இறங்கும் நீளக் கோடு, போர். மோட்டாருக்கு ஒரு வட்டம். திறந்து மூடும் கேட் வால்வுக்கு, படுக்க வைத்த உடுக்கை மாதிரி முனை முட்டும் இரண்டு முக்கோணம். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற என்.ஆர்.வி.க்கு ஒரு முக்கோணம், அதன் கூர்முனை முட்டுகிற இடத்தில் ஒரு நிறுத்தக் கோடு. இவ்வளவு அடையாளம் போதும்.

இனி குழாய்க் கோடுகள். இங்கே சிக்குக் கோலம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும், அதில் குழப்பமில்லை. குழாய்ப் படத்தில் இரண்டு கோடு வெட்டினால், அவை உள்ளே இணைந்திருக்கின்றனவா, சும்மா தாண்டிப் போகின்றனவா என்பதுதான் முக்கியம். இணைந்திருந்தால் அந்த இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வையுங்கள். தாண்டிப் போனால் ஒரு கோட்டைச் சின்னப் பாலம் போல வளைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் போகும் குழாயை விட்டு விட்டுக் கோடாகப் போடுங்கள். ஊகத்தையும் கண்ணால் பார்த்ததையும் ஒரே மாதிரி வரைந்தால் படமே ஏமாற்றும்.

மாமா சொல்லச் சொல்ல வரைந்தேன். தெருவிலிருந்து பேரூராட்சிக் குழாய் சம்ப்புக்குள் வருகிறது, வாயில் மிதவை வால்வு. சம்ப்பின் மேலே அத்தையின் அடிபம்பு. சம்ப்புக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் அடியில் ஃபுட் வால்வு. அங்கிருந்து மோட்டார், பிறகு மாடிக்கு ஏறும் குழாய். டேங்கின் மேல்பக்கம் தண்ணீர் விழுகிறது. டேங்கின் அடியிலிருந்து ஒரு கேட் வால்வு வழியாக இறங்கும் குழாய் குளியலறை, பாத்திரம் கழுவும் தொட்டி, மாடிக் குளியலறை என்று பிரிகிறது.

"போர் குழாய் எங்கே மாமா ஏறுது?"

"அதுவும் மேலதான் போவுது."

"தனியாவா?"

மாமா யோசித்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் போர் போட்டபோது, மாடிக்குப் புதுக் குழாய் எதற்கு என்று, கீழேயே பழைய ஏற்றக் குழாயில் சேர்த்துவிட்டார்களாம். பிறகு அந்த இடத்தைப் பூசி வெள்ளையும் அடித்தாயிற்று. விட்டு விட்டுக் கோடு போட்டு, இரண்டும் சேரும் இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்தேன். இந்த மூவழி இணைப்புக்குக் குழாய்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'டீ'. அத்தையின் டீயைக் கெடுத்தது அந்த டீதான்.

அம்புக்குறி நம் ஆசை

படத்தில் எல்லாக் கோட்டிலும் அம்புக்குறி போட்டாயிற்று. சம்ப்பிலிருந்து மேலே, போரிலிருந்து மேலே, டேங்கிலிருந்து கீழே. பார்க்க அழகாக இருந்தது. இத்தோடு நிறுத்திவிட்டால் படம் எதையும் சொல்லாது. நாம் போட்ட அம்புக்குறி நாம் விரும்பும் திசை. தண்ணீர் அதைப் படிப்பதில்லை. அழுத்தம் குறைவாக இருக்கும் பக்கமெல்லாம் அது போகும்.

நன்னிலம் மாதிரி வயல்காட்டு ஊரில் பிறந்தவர்களுக்கு இங்கே ஒரு மயக்கம் வரும். வாய்க்காலில் தண்ணீர் பள்ளம் பார்த்து ஒரே திசையில் போகும். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு வழிக்கும் ஷட்டர் இருந்தாலும், ஷட்டர் பழுதானால்கூட வெண்ணாற்றுத் தண்ணீர் திரும்பிக் காவிரிக்கு ஏறாது. மூடிய குழாய்க்குள் அந்த நியாயம் கிடையாது. மோட்டார் தள்ளினால் மேலேயும் போகும், பக்கத்திலும் போகும், வந்த வழியே கீழேயும் போகும்.

அதனால் படம் முடிந்ததும் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒரு மோட்டார் மட்டும் ஓடுவதாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்து விரலைக் கோட்டின் மேல் நகர்த்துங்கள். ஒவ்வொரு கறுப்புப் புள்ளியிலும் நிறுத்தி, 'இங்கேயிருந்து எந்தெந்தப் பக்கம் போக முடியும்? அந்தப் பக்கம் போகாமல் எது தடுக்கிறது?' என்று கேளுங்கள். தடுப்பது எது என்று படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால், தண்ணீர் அந்தப் பக்கமும் போகும்.

முதலில் சம்ப் மோட்டார். விரல் மேலே போய் டீ இணைப்பில் நின்றது. மேலே டேங்க், வலது பக்கம் போர். போர் மோட்டாரின் தலையிலேயே ஒரு என்.ஆர்.வி. இருந்தது. அது தடுக்கும். சரி.

அடுத்து போர் மோட்டார். விரல் டீ இணைப்புக்கு வந்தது. மேலே டேங்க். இடது பக்கம் இப்படி:

டீ இணைப்பு → நிற்கும் சம்ப் மோட்டார் → உறிஞ்சு குழாய் → ஃபுட் வால்வு → சம்ப்

ஓடாமல் நிற்கும் மோட்டார் தண்ணீருக்கு மூடிய கதவு கிடையாது. உள்ளே இருக்கும் சக்கரத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீர் தாராளமாகப் பின்னால் போகும். வழியில் கேட் வால்வு கிடையாது, என்.ஆர்.வி. கிடையாது. அத்தையின் குடிநீரைக் காவல் காத்தது சம்ப்பின் அடியில் இருந்த ஃபுட் வால்வின் மூடி ஒன்றுதான்.

அந்த மூடி சரியாக மூடாவிட்டால் மூன்று புகாரும் ஒரே கோட்டில் வந்துவிடும். போர் தண்ணீரில் ஒரு பங்கு சம்ப்புக்கு இறங்குவதால் டேங்க் நிறைய நேரமாகிறது. இரவில் உறிஞ்சு குழாயில் இருக்கும் தண்ணீர் சம்ப்புக்கே வடிந்து, காலையில் மோட்டார் காற்று வாங்குகிறது. சம்ப்பில் போர் தண்ணீர் கலந்து டீ கறுக்கிறது.

அப்போதுதான் மாமா தன் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொன்னார். "சம்ப் மோட்டார் காத்து வாங்குனா, போர் மோட்டாரை ரெண்டு நிமிஷம் போட்டு நிறுத்துவேன். அப்புறம் இது ஜம்முனு எடுத்துக்கும்!"

பெருமையாகத்தான் சொன்னார். போர் தண்ணீர் பின்வழியாக வந்து சம்ப் மோட்டாரை நிரப்புகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதே இரண்டு நிமிடத்தில் சம்ப்புக்குள்ளும் அது இறங்கியிருக்கிறது.

ஒரு அங்குலச் சாட்சி

இருந்தாலும் படத்தை மட்டும் நம்பிச் சுவரை உடைக்கக் கூடாது. படம் சந்தேகத்தைத்தான் சொல்லும். அளவுதான் தீர்ப்புச் சொல்லும்.

பேரூராட்சித் தண்ணீர் வராத நேரமாகப் பார்த்தோம். அடிபம்பை யாரும் தொடவில்லை. சம்ப் மூடியைத் திறந்து, ஒரு காய்ந்த நீளக் குச்சியைத் தரை தட்டும்வரை விட்டு எடுத்து, ஈரம் ஏறிய இடத்தில் கோடு போட்டோம். போர் மோட்டாரைச் சரியாக 15 நிமிடம் ஓடவிட்டோம். மறுபடி குச்சியை விட்டு எடுத்தால், ஈரம் ஒரு அங்குலம் ஏறியிருந்தது.

ஒரு அங்குலம் என்றால் அற்பமாகத் தோன்றும். அவர்கள் சம்ப் 8 அடி நீளம், 5 அடி அகலம். அதாவது 40 சதுர அடி. அதில் ஒரு அங்குலம் என்பது மூன்றே கால் கன அடிக்குக் கொஞ்சம் மேல். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பார்த்தால் சுமார் 94 லிட்டர்.

டேங்க் 1000 லிட்டர். முன்பு 40 நிமிடத்தில் நிறைந்தது என்றால், போர் மோட்டார் நிமிடத்துக்கு 25 லிட்டர் தருகிறது. 15 நிமிடத்துக்கு 375 லிட்டர். அதில் 94 லிட்டர், அதாவது நாலில் ஒரு பங்கு, சம்ப்புக்குப் போயிருக்கிறது. மீதி முக்கால் பங்கை வைத்து டேங்க் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டால் 53 நிமிடம். மாமாவின் 'முக்கால் மணியைத் தாண்டி' அதிலேயே வந்து விழுந்தது.

இந்தச் சோதனையை எந்த வீட்டிலும் செய்யலாம். குச்சியில் ஈரம் ஏறவே இல்லை என்றால் ஃபுட் வால்வு மூடுகிறது, டீ கறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். பேரூராட்சித் தண்ணீர் வரும்போது சோதித்தால் மட்டும் ஒன்றும் தெரியாது.

எதை மாற்றினோம்

மறுநாள் மெயினை அணைத்துவிட்டு, குழாய்க்காரர் யூனியனைக் கழற்றி உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தார். ஃபுட் வால்வின் மூடிக்கு இடையில் ஒரு சின்ன சிமென்ட் சில்லு கடித்துக்கொண்டு நின்றது. குழாய் நீளமாக இருந்ததால் ஃபுட் வால்வு சம்ப்பின் தரையிலேயே உட்கார்ந்து, அடி வண்டலை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. புது ஃபுட் வால்வு போட்டு, தரையிலிருந்து அரை அடி மேலே நிற்கும்படி குழாயைக் குறைத்தோம்.

"அவ்வளவுதானே, வேலை முடிஞ்சுது" என்றார் மாமா. முடியவில்லை. படத்தில் அந்தக் கறுப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது. அடுத்த சில்லு எப்போது மாட்டும் என்று யாருக்குத் தெரியும்?

செய்வதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழி, சம்ப் மோட்டாருக்கும் டீ இணைப்புக்கும் நடுவில் ஒரு என்.ஆர்.வி. போடுவது. மோட்டாரிலிருந்து முதலில் யூனியன், அடுத்து என்.ஆர்.வி., அதற்கும் மேலே கேட் வால்வு என்று வரிசையாக வர வேண்டும். அப்போதுதான் என்.ஆர்.வி.யைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது கேட் வால்வை மூடி, மேலேயிருக்கும் தண்ணீரை நிறுத்த முடியும். என்.ஆர்.வி.யின் உடம்பில் வார்ப்பிலேயே ஒரு அம்புக்குறி இருக்கும். அது படத்தில் இருக்கும் அம்புக்குறியோடு ஒத்துப்போக வேண்டும். தலைகீழாகப் போட்டால் மோட்டார் உறுமும், ஒரு சொட்டு ஏறாது. இன்னொன்று, இந்த என்.ஆர்.வி. மோட்டாருக்கு மேலே இருப்பதால், உறிஞ்சு குழாய் வடிவதை அது தடுக்காது. ஃபுட் வால்வின் வேலை ஃபுட் வால்வுக்குத்தான்.

இரண்டாவது வழி, இரண்டு குழாயையும் சேர்க்காமலே விடுவது. போர் தண்ணீருக்குத் தனிக் குழாய் மாடிவரை போகும். இரண்டு குழாயின் வாயும் டேங்குக்குள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, காற்றில் தொங்கும்படி இருக்க வேண்டும். நடுவில் காற்று இருந்தால் தண்ணீர் திரும்பி ஏற வழியே இல்லை. இதில் பழுதாக ரப்பரும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. குழாய் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலோ, டேங்கின் அடியில் சேர்ந்திருந்தாலோ இந்தக் காவல் போய்விடும். அப்படிப்பட்ட வீடுகளில் ஃபுட் வால்வு கெட்டால், இரவோடு இரவாக மாடி டேங்க் சம்ப்புக்கு இறங்கிவிடும். 'டேங்கில் ஓட்டை' என்று டேங்கை மாற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

குடிக்கிற தண்ணீர் சம்ப்பில் இருப்பதால் இரண்டாவது வழியைத்தான் சொன்னேன். சுமார் 30 அடி குழாய், அரை நாள் வேலை. பழைய டீ இணைப்பின் வாயை அடைத்தாயிற்று. குடிநீர்க் குழாயை வேறு தண்ணீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கக் கூடாது என்று நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பே சொல்கிறது. அது பயமுறுத்தல் இல்லை. 1933இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், உலகக் கண்காட்சி நடந்த சமயம், இரண்டு ஹோட்டல்களில் பழைய குழாய்கள் இப்படித் தவறாக இணைந்திருந்ததால் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்துபோனார்கள். அத்தை வீட்டில் கலந்தது இரும்பு. நல்லவேளை, அது டீயில் கறுத்துக் காட்டிக்கொடுத்தது. கிருமி கலந்திருந்தால் டீ நிறம் மாறியிருக்காது.

பிறகு சம்ப்பை இறைத்துக் கழுவினார்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன். மூடிக் கிடந்த சம்ப்புக்குள் காற்று கெட்டிருக்கலாம். யாரும் அவசரப்பட்டு இறங்கக் கூடாது, தனியாக இறங்கவே கூடாது. எண்ணெய் இன்ஜினை உள்ளே வைத்து இறைக்கவும் கூடாது. முடிந்தவரை மேலிருந்தே நீளப் பிரஷ்ஷால் கழுவச் சொல்லுங்கள்.

படத்தைத் திருத்திய அத்தை

வேலை முடிந்ததும் சுத்தமாக ஒரு படம் போட்டேன். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு எண். அதே எண்ணை வால்வின் பக்கத்துச் சுவரிலும் பெயின்ட்டில் எழுதினோம். வால்வை ஒவ்வொன்றாக மூடி, எந்தக் குழாய் நிற்கிறது என்று பார்த்துப் பட்டியலும் போட்டோம். அவசரத்துக்கு மூட வேண்டியது டேங்கின் அடியில் இருக்கும் 1ஆம் எண். அதற்குச் சிவப்பு.

படத்தை மீட்டர் பலகையின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டப் போகும்போது அத்தை வாங்கிப் பார்த்தார். கோலப் புத்தகத்தைப் பார்ப்பது போலக் கோடு கோடாக விரலை ஓட்டினார்.

"எல்லாம் சரிடா. துணி துவைக்கிற கல்லுக்கிட்ட இருக்குற குழாய் எங்கே?"

அது டேங்கிலிருந்து வருகிறது என்று நினைத்து, இறங்கும் குழாயோடு சேர்த்திருந்தேன்.

"அதுல போர் மோட்டார் போட்டாத்தான் தண்ணி வரும். கரண்ட் போனா உடனே நின்னுடும். அது எப்படி டேங்க் தண்ணியா இருக்கும்?"

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அந்தக் குழாய் போர் லைனிலிருந்து நேராகப் பிரிந்திருந்தது. கல்லில் படிந்திருந்த காவி முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. குழாயைப் போட்டவருக்கு அவர் போட்ட கோடுதான் தெரியும். தினம் திறந்து மூடுகிறவருக்குத் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது தெரியும். அந்தக் கோட்டை அழித்துவிட்டு, போர் குழாயின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தேன். புள்ளி வைத்த இடத்தில் விரலை நிறுத்தி, அங்கேயிருந்து எந்தப் பக்கம் போக முடியும் என்று அத்தையே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகுதான் ஒட்ட விட்டார்.

ஊருக்குக் கிளம்பும்போது இன்னொரு டீ கொடுத்தார். இந்த முறை பால் ஊற்றியது தெரிந்தது.